சரிபார்த்தவர் கையெழுத்து

பொதுப்பணித்துறையின் கடலூர் அலுவலகத்தில் நானும் அவனும் ஒரே நாளில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தோம். அதற்கு முன் சிதம்பரத்தில் நான்கு வருடம் ஒரே வகுப்பு. அவன் குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவனைப் பிடித்துப்போகும். மெஸ்ஸில் எனக்கு ஒரு துண்டு மீன் விழுந்தால் அவனுக்கு இரண்டு விழும். நான் அதைப் பார்க்காத மாதிரி சாப்பிடுவேன், ஆனால் வயிறு எரியும்.

பாட விஷயத்தில் அந்த எரிச்சல் இன்னும் அதிகம். உத்தரத்தின் தொய்வைச் சொல்லும் சமன்பாட்டை எங்களுக்கு மூன்றாம் வருடத்தில் நடத்தினார்கள். பாரத்தால் உத்தரம் எந்த வடிவத்தில் வளைகிறதோ, அந்தக் கோட்டை நான்கு முறை வகையிட்டு, உத்தரத்தின் விறைப்பால் பெருக்கினால் மேலே இருக்கிற பாரம் வரும். பாரத்திலிருந்து தொய்வுக்குத் திரும்பி வர நான்கு முறை தொகையிட வேண்டும், நான்கு மாறிலிகள் மிஞ்சும். அவற்றைப் பிடிக்க முனைக்கு இரண்டாக நான்கு நிபந்தனைகள். உத்தரம் சும்மா சுவர்மேல் உட்கார்ந்திருந்தால் முனையில் தொய்வும் இல்லை, வளைக்கும் திருப்புவிசையும் இல்லை. சுவரோடு இறுகப் பிடிக்கப்பட்டிருந்தால் தொய்வும் இல்லை, சாய்வும் இல்லை. நான் இரண்டு பக்கம் எழுதி நான்கு மாறிலிகளையும் பிடிப்பேன். அவன் உத்தரத்தின் படத்தை வரைந்து, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பாதி விடையைச் சொல்லிவிடுவான். மார்க் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் வரும், ஆசிரியர் சிரிப்பது அவனைப் பார்த்து.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு பழைய நெல் கிடங்கு. வெளிச்சுவர் இரண்டு, நடுச்சுவர் ஒன்று. ஆக சுவர்களுக்கு நடுவே இரண்டு இடைவெளி, எங்கள் பேச்சில் இரண்டு கண். ஒவ்வொரு கண்ணிலும் ஆறு மீட்டர் நீளத்துக்கு இரும்பு உத்தரங்கள், அவற்றின்மேல் மாடித்தளம். மாடியில் மூட்டை அடுக்கலாமா என்று கேட்டுக் காகிதம் வந்தது. எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் அதை எங்கள் இரண்டு பேரிடமும் தள்ளினார். மெட்ராஸ் டிசைன் ஆபீசுக்கு எங்களில் ஒருவரை அனுப்பப் போகிறார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த வேலையைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார் என்பதும் தெரியும். மெட்ராஸ் எனக்கு வேண்டும். அதைவிட, அது அவனுக்குக் கிடைக்கக் கூடாது.

பழைய வரைபடத்தில் உத்தர முனைகள் சுவருக்குள் பதித்ததாகக் காட்டியிருந்தது. அவன் அதை நம்பி, இரண்டு முனையும் இறுகப் பிடித்தவை என்று எடுத்தான். நடுவில் தொய்வு ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. அனுமதிக்கப்பட்ட அளவு பதினெட்டரை. "தாராளமா அடுக்கலாம் சார்" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் தேன் வடிந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், உப்புக்காற்றில் பொரிந்து கிடக்கிறது, அதற்குள் ஒரு சாண் செருகிய இரும்பை அது எப்படி இறுகப் பிடிக்கும்? முனை திரும்பத்தான் செய்யும். சும்மா உட்கார்ந்த உத்தரமாக எடுத்தால் தொய்வு சரியாக ஐந்து மடங்கு, இருபத்து மூன்று. அனுமதியைத் தாண்டிவிடுகிறது. இதை எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரிடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் ருசித்துச் சொன்னேன்.

"வச்சுப் பாத்துருவோம்" என்றார்.

மணல் மூட்டைகளை அடுக்கி, உத்தரத்தின் நடுவில் கீழிருந்து தொய்வை அளக்கும் டயல் கேஜ் வைத்தோம். மூட்டை ஏற ஏற முள் சுற்றியது. இருபத்தொன்றில் நின்றது. என் கணக்கு. சுவர் பிடித்த பிடி அந்த இரண்டு மில்லிமீட்டர்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். வாடியிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பாவி நடுச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், சுவரு புடிக்கலேன்னா போவட்டும். ரெண்டு கண்ணு உத்தரமும் நடுச்சுவரு மேல எதிரும் புதிருமா ஒரே கோட்டுல வந்து நிக்குது. மூட்டையெல்லாம் எறக்கிட்டு, மேலயும் கீழயும் தகடு வச்சு ரெண்டையும் ஒண்ணா போல்ட் போட்டுட்டா? இந்தப் பக்கத்து பாரம் இப்படித் திருப்பும், அந்தப் பக்கத்து பாரம் அப்படித் திருப்பும். நடுவுல சாய்வு பூஜ்யம். சுவரு செய்யாததை ரெண்டு உத்தரமும் ஒண்ணுக்கொண்ணு செஞ்சுக்கும்."

அவர் நடுச்சுவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவன் தோளில் தட்டினார். தப்பைக் கண்டுபிடித்தது நான். தோளில் தட்டு வாங்கியது அவன்.

மறுநாள் அவன் கணக்குத்தாள் என் மேஜைக்கு வந்தது. எந்தக் கணக்கும் இரண்டு கையெழுத்து இல்லாமல் அலுவலகத்தைத் தாண்டாது. கணக்கிட்டவர் என்ற கட்டத்தில் அவன் போட்டுவிட்டான். சரிபார்த்தவர் என்ற கட்டம் காலி. அதில் நான் போட வேண்டும். போட்டால் மெட்ராஸ் அவனுக்கு.

அப்படியொரு கவனத்தோடு நான் எந்தத் தாளையும் படித்ததில்லை. நடுச்சுவர் முனையில் தொய்வும் சாய்வும் பூஜ்யம், வெளிச்சுவர் முனையில் தொய்வும் திருப்புவிசையும் பூஜ்யம். நான்கு மாறிலிகளும் சரி. அதிகபட்சத் தொய்வு நடுவில் இல்லாமல் வெளிச்சுவர்ப் பக்கம் தள்ளி வரும். அதையும் சரியான இடத்தில் குறித்திருந்தான். பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. உத்தரங்களை இணைத்தால் நடுச்சுவரின் பாரம் கால் பங்கு கூடுமே, அதில் மாட்டுவான் என்று சந்தோஷப்பட்டேன். சுவர் கனத்தைப் பார்த்தேன், தாங்கும். மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை.

பிறகு கிடைத்தது. ஒரு கண்ணில் மூட்டை இருந்து மறு கண் காலியாக இருந்தால்? எதிர்ப்பக்கம் திருப்ப ஆள் இல்லை. நடுவில் சாய்வு பூஜ்யமாக இருக்காது. அவன் சொன்ன அந்தச் சாய்வு நிபந்தனையே போச்சு! தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரின் அறையில் அவனும் இருந்தான். நான் சொல்லி முடித்ததும் அவன் முகம் வெளுத்தது. இத்தனை வருடத்தில் நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது.

"இதை நான் யோசிக்கவே இல்ல சார்" என்றான்.

"நீயே போட்டுப் பாருப்பா, என்ன வருதுன்னு" என்றார் என்னிடம்.

அங்கேயே உட்கார்ந்து போட்டேன். காலிக் கண்ணின் உத்தரம் முழுதாகப் பிடிக்காது, ஆனால் கொஞ்சம் பிடிக்கும். அதன் விறைப்பு சும்மா விடாது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே சமன்பாடு, நடுச்சுவரில் இரண்டுக்கும் ஒரே சாய்வு, ஒரே திருப்புவிசை. கணக்குப் போடும் ஸ்லைடு ரூலைத் தள்ளும்போதே விரல் தயங்கியது. இன்னொரு முறை தள்ளினேன். அதே விடை.

"எவ்வளவு?"

"பதினாறு சார்."

"அனுமதி?"

"பதினெட்டரை."

"அப்போ ஒரு கண்ணு காலியா இருந்தாலும் பயமில்ல. அந்தத் தாளையும் சேத்து வச்சுக் கையெழுத்துப் போடு."

போட்டேன். பேனா மை கொஞ்சம் அதிகமாக இறங்கியது. கணக்கு இப்போது எந்தப் பக்கமும் ஓட்டையில்லாமல் இருந்தது. அதை அப்படி ஆக்கியவன் நான்.

ஒரு வாரத்தில் மெட்ராஸ் உத்தரவு வந்தது, அவன் பெயருக்கு. வழியனுப்ப அலுவலகமே ஸ்டேஷனுக்கு வந்தது. வண்டி வருவதற்குள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்:

"மச்சான் மட்டும் அந்தக் கேள்விய கேக்கலேன்னா, மெட்ராஸ்ல எவனாவது கேட்டிருப்பான், என் மானம் போயிருக்கும். நான் இன்னைக்குப் போறேன்னா அது இவனாலதான்."

கண் கலங்கித்தான் சொன்னான், நடிப்பில்லை. வண்டி கிளம்பிய பிறகு, எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று எல்லோரும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியே நடந்தார்கள்.