உயரமான டம்ளர்

பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று ஆனபோது எனக்கு வயது நாற்பத்தாறு. கடலூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு வருடங்களாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் இருக்கிறேன். தேறாவிட்டால் வேலை இருக்காது என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

தமிழும் கணக்கும் என்னைப் பயமுறுத்தவில்லை. முதல் முப்பது கேள்விகள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. குழந்தை மேம்பாடும் கற்பிக்கும் முறைகளும். குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்கு நான்கு நிலைகள்: பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை புலன் இயக்க நிலை. ஏழு வரை செயலுக்கு முற்பட்ட நிலை; கண்ணில் படுவதையே நம்பும். அதன் பிறகு பதினொன்று வரை பருப்பொருள் நிலை; பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் யோசிக்கும். அதற்கும் மேல் கருத்தியல் நிலை. பஸ்ஸில் ஆலப்பாக்கம் வருவதற்குள் இதை நான்கு முறை சொல்லிப் பார்ப்பேன். புதுச்சத்திரம் தாண்டியதும் ஒன்று மறந்துபோகும்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துப் பிறந்தவள். இந்தப் படிப்பை ஆரம்பித்த முதல் வாரமே அவளை நான் சோதித்துப் பார்த்தேன். சோதிக்காமல் இருந்திருக்கலாம்.

ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சொம்பிலிருந்து சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டும் ஒன்றுதான் என்றாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கண் முன்னாலேயே ஒல்லியான, உயரமான கண்ணாடி டம்ளருக்கு மாற்றினேன்.

"இப்ப எதுல ஜாஸ்தி?"

"உசர டம்ளர்ல," என்றாள், இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாயே என்பது போல.

பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டிப் பிடிபட்டுவிடும் என்று என் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அவளுக்கு எட்டு. அன்று மாலை மறுபடியும் ஊற்றினேன். அதே பதில். மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஊற்றினேன். சிப்காட்டில் இரவு வேலை முடித்து வந்த என் கணவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றார். "பரீட்சை உனக்கா, அவளுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் முழுவதும் அவளுக்கு விளக்கினேன். நான் புதிதாக எதையும் ஊற்றவில்லையே, கொட்டவும் இல்லையே, அப்புறம் எப்படி ஜாஸ்தியாகும் என்று கேட்டேன். தலையை ஆட்டுவாள். ஊற்றிக் காட்டினால் உயரமான டம்ளரைத்தான் தொடுவாள். வெள்ளிக்கிழமை என் குரல் ஏறிவிட்டது. கையையும் ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றாள்.

சரியான விடை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மாதிரித் தேர்வு. பத்தொன்பதாவது கேள்வியை இரண்டு முறை படித்தேன். எட்டு வயதுக் குழந்தை ஒன்று, அகலமான பாத்திரத்திலிருந்து உயரமான பாத்திரத்துக்கு மாற்றப்பட்ட நீர் அதிகமாகிவிட்டது என்கிறது. இக்குழந்தையின் சிந்தனை எந்த நிலைக்குரியது? செயலுக்கு முற்பட்ட நிலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பேனா பருப்பொருள் நிலையின் வட்டத்தை நிரப்பியது. எட்டு வயதுதானே, எட்டுக்கு இதுதானே என்று எனக்குள் யாரோ வாதாடினார்கள்.

இருபதாவது கேள்வி அதன் தொடர்ச்சி. இக்குழந்தைக்கு ஏற்ற கற்பித்தல் முறை எது? விதியை வாய்மொழியாக விளக்குதல். சரியான விடையைப் பலமுறை சொல்ல வைத்தல். குழந்தையே நீரை ஊற்றவும் திரும்ப ஊற்றிப் பார்க்கவும் வாய்ப்பளித்தல். அடுத்த வகுப்பு வரை காத்திருத்தல். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, மூன்றாவதை நிரப்பினேன். வகுப்பறையில் புளியங்கொட்டையும் தீக்குச்சியும் கொடுத்தே கணக்குச் சொல்லித்தந்தவள் நான்.

விடைகளைச் சொன்ன பயிற்றுநர் பத்தொன்பதில் நின்றார். அறையில் பாதிப் பேர் என்னைப் போலவே நிரப்பியிருந்தோம்.

"வயசைப் பாத்துட்டு விடை போட்டுட்டீங்க. அது தூண்டில். பிள்ளை எப்படி யோசிக்குதுன்னு பாருங்க, அதான் நிலை. வயசு ஒரு உத்தேசம்தான். ஒண்ணு சீக்கிரம் வரும், ஒண்ணு லேட்டா வரும். வரிசை மட்டும் மாறாது."

பக்கத்தில் இருந்த காட்டுமன்னார்கோயில் ஆசிரியர் என் பக்கம் சாய்ந்தார். என்னைவிட மூத்தவர். "டீச்சர், இத்தினி வருஷமா நாம பிள்ளைங்களை முழிக்க வச்சோம். இப்ப நம்மள முழிக்க வைக்கிறாங்க," என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இருபதாவது கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு வாரமாக நான் செய்தது முதல் இரண்டு விடைகள். ஒரு தடவைகூட அந்தச் சொம்பை அவள் கையில் கொடுக்கவில்லை. உயர டம்ளரில் இருந்ததைப் பழைய டம்ளருக்கே திருப்பி ஊற்றிக் காட்டவும் இல்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தமும் நீண்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுக்களைக்குப் போய் டம்ளர்களை எடுத்தேன். சத்தம் கேட்டு அவள் வாசற்படியில் வந்து நின்றாள். நான் தண்ணீரே ஊற்றவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற சொல்லணுமா?" என்றாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வகுப்பில் விடை தெரியாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்து விடை சொல்லும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடமிருந்து உண்மையை வாங்க ஒரு வருடம்கூட ஆகும். அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்ற கவலை அந்த நிமிடத்தோடு போயிற்று. கண்ணில் படுவதை என்னிடம் இனிமேல் சொல்வாளா என்பதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் பின்கட்டில் குழாயடியில் ஒரு பக்கெட் வைத்தேன். சொம்பு, டம்ளர்கள், காலியான எண்ணெய் பாட்டில், டிபன் டப்பா, புனல். விளையாடு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். முதல் இரண்டு நாள் அவள் தொடவே இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. கையில் விரித்த புத்தகத்தில் ஒரு வரியும் ஏறவில்லை. அப்புறம் தினமும் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்தாள். எதையும் கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு அகலமான எவர்சில்வர் டம்ளரிலும், அவளுக்கு அந்தக் கண்ணாடி டம்ளரிலும் ஒரே அளவாக ஊற்றினேன். யோசித்துச் செய்ததில்லை, கையில் கிடைத்தது அதுதான்.

அவள் இரண்டையும் பார்த்தாள். என்னையும் ஒரு முறை பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குத்தாம்மா ஜாஸ்தி," என்றாள்.

"அப்பிடியா?" என்றேன்.

"ஆமா. அப்பாவுக்கு கம்மி."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் திருத்தவில்லை. மூன்றாவதாக ஒரு காலி டம்ளரை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தேன். வேண்டுமானால் மாற்றிப் பார்க்கட்டும். அவள் அதைத் தொடக்கூட இல்லை. ஜாஸ்தியான தன் மோரைக் குடித்து முடித்து, மோர் மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.