அவசரம் போடவேண்டாம்

1998 ஜூன் 17, புதன்கிழமை, பகல் இரண்டு மணி. பெங்களூர் மத்திகெரே பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் எத்திராஜின் எஸ்.டி.டி. பூத். பார்கவி ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கூண்டின் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டு, தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். கதவை மூடினால் மூச்சு முட்டுமாம். அதனால் அவர் பேசுவதெல்லாம் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். எதிர்வீட்டுக்காரனான எனக்கு இரண்டு வருடமாகக் கேட்கிறது.

வேலூர்ப் பெண். வயது இருபத்தெட்டு. பீன்யாவில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. பட்டன் வந்ததா, சாயம் சரியா, அட்டைப்பெட்டி எங்கே என்று நாள் முழுக்க யாரையாவது விரட்டவேண்டும். விரட்டுகிற குரலை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். பால்காரரிடம், "அண்ணா, நேத்தே சொன்னேனே!" என்பார். நேற்று அவர் சொல்லியிருக்கமாட்டார்.

லட்சுமம்மாவின் மாடிவீட்டில் பார்கவியோடு குடியிருப்பவர் சௌம்யா. வங்கிகளில் கணினி பழுதுபார்க்கும் பொறியாளர், தருமபுரிக்காரர். கம்பெனி கொடுத்த பேஜர் எப்போதும் இடுப்பில் இருக்கும். பேஜர் கம்பெனிக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னால், நாம் சொல்லும் செய்தியை அங்கிருக்கும் ஆபரேட்டர் ஆங்கில எழுத்தில் தட்டி, ஒருமுறை படித்துக் காட்டி, அனுப்பிவிடுவார். இடுப்புப் பெட்டி கீச்சிடும். அதிலிருந்து பதில் அனுப்ப முடியாது. பார்த்தவர் போன் தேடிப் போய்க் கூப்பிட்டால்தான் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டினால் கீச்சும் கிடையாது.

பார்கவிக்கு இந்தப் பெட்டி ரொம்பப் பிடித்துப்போயிற்று. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, அவசரம். சிலிண்டர் வந்துவிட்டது, அவசரம். வரும்போது தயிர், அவசரம். சௌம்யா ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "இவ அர்ஜென்ட்னு போட்டான்னா நான் டீ குடிச்சிட்டுதான் கிளம்புவேன்."

திங்கட்கிழமை பார்கவியை டெல்லி அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை அங்கே சேரவேண்டும். ரயில் புதன் மாலை. சௌம்யா அப்போது தும்கூரில் ஒரு வங்கிக் கிளையில் இயந்திரங்கள் பொருத்திக்கொண்டிருந்தார். செவ்வாய் இரவு வந்துவிடுவார், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்கவி இருந்தார். இயந்திரம் மக்கர் செய்ததில் சௌம்யா வரவில்லை. இன்று காலை பார்கவி அந்தக் கிளைக்கே போன் செய்தார். சௌம்யா லைனில் வந்தார். பார்கவி என்ன பேசினார் தெரியுமா? காஸ் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசினார். எப்போது வருவாய் என்று கேட்டார். வைத்துவிட்டார்.

லட்சுமம்மாவிடம் மட்டும் திங்கட்கிழமையே சொல்லியாயிற்று. பெங்களூரில் தனிப்பெண்ணுக்கு வீடு கிடைப்பது எப்படி என்று வீடு தேடியவர்களுக்குத் தெரியும். லட்சுமம்மாவும் விதிவிலக்கில்லை.

"ரெண்டு பொண்ணுங்கன்னுதான் கொடுத்தேன். ஒத்தப் பொண்ணுன்னா நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரம்மா ஜவாப்தாரி?"

"வேற பொண்ணு கூட்டிட்டு வரேன் ஆன்ட்டி. என் ஆபீஸ்தான், பாமான்னு. நல்ல பொண்ணு."

"ஆகட்டும். ஆனா சௌம்யா வந்து என் எதுர்ல ஒத்துக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். புதன்கிழமை நாலு மணிக்கு ஒரு ஃபேமிலி வர்றாங்க. அதுக்குள்ள ஆகலன்னா அவங்களுக்குக் கொடுத்திடுவேன்."

பாமா ஒரு மணியிலிருந்து லட்சுமம்மா வீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சௌம்யா பன்னிரண்டு மணிக்கே தும்கூரை விட்டுவிட்டதாக அந்தக் கிளையில் சொல்கிறார்கள். இந்நேரம் பஸ் ஊருக்குள் வந்திருக்கவேண்டும். வந்ததும் அவர் வீட்டுக்கு வரமாட்டார், நேரே அலுவலகம் போவார்.

பார்கவி பேஜர் கம்பெனியைக் கூப்பிட்டு, எத்திராஜின் பூத் எண்ணைக் கொடுத்து, "உடனே கூப்பிடு, அவசரம்" என்று அனுப்பினார். பதினைந்து நிமிடம் போயிற்று. இன்னொரு முறை. "ரொம்ப அவசரம்." எத்திராஜ் தொலைபேசியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். வரிசையில் முணுமுணுப்பு.

"இன்னாம்மா, அந்தப் பொண்ணு பாத்திருக்குமா இல்லியா?"

"தெரியலையே. பாத்தாலும் கூப்பிட மாட்டா, அண்ணா."

"ஏன், சண்டையா?"

"தயிருன்னு நினைச்சிக்குவா."

யாரோ சிரித்தார்கள். பார்கவி சிரிக்கவில்லை. மணி இரண்டே முக்கால். சௌம்யாவின் அலுவலகத்துக்கும் போன் போட்டார். இன்னும் வரவில்லை என்றார்கள்.

எத்திராஜ் சும்மா இருக்கிறவர் இல்லை. "விஷயத்தைச் சொல்லி அனுப்பேம்மா. சுத்தி வளைக்காத."

"டெல்லி போறேன்னு இதுலயா அண்ணா சொல்றது? எவனோ கஸ்டமர் முன்னாடி நின்னு படிப்பா."

"அப்போ வீடு?"

பார்கவி ரிசீவரை எடுத்தார். கதவைப் பிடித்திருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. ஆனாலும் கண்ணாடிக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆபரேட்டருக்குக் கேட்கவேண்டுமே.

"எழுதிக்கோங்க. என்னை டெல்லிக்கு மாத்திட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் போறேன்... ஆமா, இன்னைக்குத்தான்... நாலு மணிக்குள்ள நீ வந்து கையெழுத்து போடலன்னா வீடு உனக்கு இல்ல. வேற பொண்ணு இருக்கா. காலைலயே சொல்லியிருக்கணும். சொல்ல வரல." நிறுத்தினார். "நீளமா இருந்தா ரெண்டா அனுப்புங்க மேடம்... அவசரமா? வேண்டாம். அந்த வார்த்தை போடாதீங்க."

ஆபரேட்டர் திருப்பிப் படிப்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பூத் தொலைபேசி அதன்பிறகும் அடிக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு ஓர் ஆட்டோ லட்சுமம்மா வீட்டு வாசலில் நின்றது. முதுகில் கருவிப்பையோடு சௌம்யா இறங்கினார். ஓடிவந்த பார்கவியைத் தாண்டி உள்ளே போனார். பாமாவிடம், "நாந்தான் சௌம்யா" என்றார். லட்சுமம்மாவிடம், "இவங்களோட இருக்க எனக்குச் சம்மதம் ஆன்ட்டி," என்றார். பாமாவை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டார்கள். நான்கு மணிக்கு வந்த குடும்பத்துக்கு லட்சுமம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

வாசலில்தான் சௌம்யா பார்கவியிடம் வாயைத் திறந்தார்.

"மூணு நாளாத் தெரியும் உனக்கு."

"ஆமா."

"காலைல போன்ல காஸ் பத்திப் பேசினே."

"ஆமாடி."

"ராஜாஜிநகர் பேங்க்ல மேனேஜர் எதுர்ல நின்னு படிச்சேன். 'எனி ப்ராப்ளம்?'னு கேக்கறான். என்னத்த சொல்ல?"

பார்கவி ஐந்து மணிக்குப் பெட்டிகளை வாசலில் வைத்தார். ஆட்டோ வந்தது. சௌம்யா கேட்டைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். பார்கவி ஆட்டோக்காரரிடம் ஒரு நிமிடம் என்று கைகாட்டிவிட்டு, தெருவைக் கடந்து பூத்துக்குள் போனார்.

"ஆமா, அதே நம்பர்தான் மேடம். 'ஸ்டேஷன் வரைக்கும் வர்றியா?' அவ்வளவுதான். கேள்வியாத்தான் போடுங்க."

ரிசீவரை வைத்தவர் வெளியே வரவில்லை. கூண்டுக்குள்ளேயே, முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்றார். எதிரே கேட்டருகில் பேஜர் கீச்சிட்டது. சௌம்யா இடுப்பிலிருந்து அதை எடுத்துப் பார்த்தார். எடுத்த இடத்தில் வைத்தார். பிறகு இரண்டு பெட்டிகளில் பெரியதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். அதற்குப் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்து, தெருவுக்குக் குறுக்கே உரக்கக் கூப்பிட்டார்.

"வாடி, ட்ரெயின் நிக்காது!"

பாமா வெள்ளிக்கிழமை குடிவருகிறார்.