அப்பா குறைத்து எழுதிய விலை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், அப்பாவின் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். அப்பா செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. என் காரியமும் இதில் இருக்கிறது. அதுதான் பெரிய தயக்கம்.

எண்பத்து நான்கில் அப்பா நாகர்கோவிலில் ஒரு வீடு வாங்கினார். கொடுத்தது தொண்ணூறாயிரம். ஆதாரத்தில், அதாவது பத்திரத்தில், எழுதியது நாற்பதாயிரம். முத்திரைத்தாள் செலவு குறையும் என்று அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டுபோய் சுசீந்திரம் கோயில் உண்டியலில் போட்டுவிட்டார். சர்க்காருக்குப் போக வேண்டியதைத் தாணுமாலயனுக்குக் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் வீட்டை விற்க முடிவு செய்தோம். வாரிசு மூன்று பேர்: அக்கா, நான், தம்பி. அக்கா கணவரை இழந்தவள், வாடகை வீட்டில் இருந்தாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை காலி பண்ணச் சொல்லியிருந்தார். தன் பங்கில் சொந்தமாக ஒரு வீடு, அதுதான் அவளுக்கு வேண்டியது.

தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியதும் தம்பி ஒரு யோசனை சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் உங்க பங்கை எனக்கு விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தாங்க. நான் ஒருத்தனா வித்து பங்கு வச்சிருதேன்."

ஆதாரம் எழுதுபவர் சிரித்தார். "கூடப்பிறந்தவங்களுக்குள்ள விடுதலைன்னா செலவு கம்மிதான். நூத்துக்கு ஒண்ணு, அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. ஆனா எதுக்கு ரெண்டு ஆதாரம்? மூணு பேருமா கையெழுத்துப் போட்டு நேரா வித்திருங்க. வரியும் ஒரு தலையில ஏறாம மூணு தலைக்குப் பிரியும்."

வரியா என்று நாங்கள் ஆடிட்டரிடம் ஓடினோம். அவர் பழைய ஆதாரத்தைப் புரட்டினார்.

"அப்பா வாங்கின விலைதான் உங்களுக்கும் வாங்கின விலை. விலைவாசி ஏறினதுக்குத் தக்கன அதைக் கூட்டிக்கிடலாம். விக்குக விலையில அதைக் கழிச்சா மிச்சம் லாபம். அதுக்குத்தான் வரி. இதில நாப்பதாயிரம்னு இருக்கு."

"நெசத்தில தொண்ணூறு சார்," என்றேன்.

"வேற கடுதாசி உண்டா?"

"இல்ல. முத்திரைத்தாள்ல மிச்சம் பிடிச்சதையும் உண்டியல்ல போட்டாங்க."

"உண்டியல் ரசீது தராதுல்லா," என்றார். "அப்பா அன்னைக்கு மிச்சம் பிடிச்சாரு, நீங்க இன்னைக்குக் கட்டுதீங்க." பிறகு அக்காவைப் பார்த்து, "உங்க லாபத்தை ரெண்டு வருசத்துக்குள்ள இன்னொரு வீடு வாங்குகதில போட்டா, அந்த அளவுக்கு வரி கிடையாதும்மா," என்றார்.

வாங்க வந்தவர் குவைத்திலிருந்து திரும்பியவர். நல்ல விலை சொன்னார். முத்திரைத்தாளுக்கு நூற்றுக்கு ஏழு, பதிவுக்கு ஒன்று, எல்லாம் அவர் செலவு. ஆகையால் ஆதாரத்தில் சர்க்கார் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதுவோம், மிச்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். அது பேசிய விலையில் பாதிகூட வராது.

தம்பி உடனே சரி என்றான். தினமும் திருநீறு பூசி தேவாரம் படிக்கிற நானும் சரி என்றேன். மனசுக்குள் ஒரு தொகையை உண்டியலுக்கு ஒதுக்கியும் விட்டேன்.

அக்கா மட்டும் மாட்டேன் என்றாள்.

"ஏக்கா, வரி குறையுமில்லா," என்றான் தம்பி.

"எனக்குத்தான் வரியே இல்லன்னு ஆடிட்டர் சொன்னாருலா. ரொக்கத்தை வச்சு நான் எப்படிடே வீடு வாங்குவேன்? எனக்கு விக்குகவனும் பொய் எழுதணும். பொறவு எம்பிள்ளைக அதை விக்கப் போனா, உண்டியல் ரசீது கேக்கணும்."

நான் மெதுவாக, "கோயிலுக்குக் கொஞ்சம் குடுத்திரலாம்னு..." என்றேன்.

"சாமிக்குக் கமிசனா? நல்ல பக்திடே மக்கா உனக்கு. தாணுமாலயன் என்ன தரகரா?"

 மூன்று கையெழுத்தும் வேண்டும், அக்கா போட மாட்டாள். குவைத்துக்காரர் முகம் சுளித்தார். கூடுதல் முத்திரைத்தாள் செலவுக்காக விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கடைசியில் சம்மதித்தார். முழு விலையும் ஆதாரத்தில் ஏறியது. பணம் மூன்று வங்கிக் கணக்குக்கும் காசோலையாக வந்தது.

தம்பியும் நானும் வரி கட்டினோம். தம்பி ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்கா எட்டு மாதத்தில் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு வாங்கினாள். கொடுத்த விலையையே எழுதினாள். பால் காய்ச்சிய அன்று தம்பிதான் முதலில் வந்து அடுப்பு மூட்டினான்.

அப்பன் வாங்கிய வீட்டை விற்க நிற்கிற யாருக்காவது இது உதவும் என்றால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தொகையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்னை நல்லவனாக்குகிறேன் என்று, நான் முதலில் சரி என்று சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.