பட்டு என்றால் என்னவென்று கேட்கவில்லை

என் அச்சுக்கடையின் மூலை மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்து லோகோ வரைகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கேள்விக்குறி. முதுகும் கொஞ்சம் கூன்தான், ஆனால் பெயர் அதனால் வரவில்லை. வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் ஒரு தாளை எடுத்துவிடுவார். கேள்வியும் பதிலுமாக அது நிரம்பும் வரை பென்சிலைத் தொடமாட்டார்.

என்ன தொழில், யார் வருவார்கள், அக்கம்பக்கத்துக் கடைப் பலகைகள் என்ன நிறம், லோகோ எங்கெல்லாம் போகும், அதில் ஆகச் சிறிய இடம் எது, என்ன இருக்கவே கூடாது, இந்தப் பெயர் ஏன், கடைசியில் சரி சொல்லப்போவது யார். எல்லாம் அவர் பட்டுத் தெரிந்துகொண்டவை. ஒருமுறை மருந்துக் கடைக்கு மயிரிழைக் கோடுகளில் கொடி வரைந்தார். பலகையில் கண்ணைப் பறித்தது. ரப்பர் ஸ்டாம்பில் மைத் தீற்றலாகிவிட்டது. ஆகச் சிறிய இடத்தைப் பற்றிய கேள்வி அப்போது சேர்ந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது. "என்னண்ணே, ஸ்டேஷன்ல வெச்சு விசாரிக்கிற மாதிரி" என்று கேலி செய்வேன். "கேக்காம வரைஞ்சா அது என் லோகோ தம்பி, அவங்களது இல்ல" என்பார்.

அந்தத் தையல்காரம்மா வந்த அன்று மிஷினில் தாள் சிக்கியிருந்தது, நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், நான் எரிந்துகொண்டிருந்தேன். குழந்தைகளுக்குப் பருத்தித் துணியில் கவுன், சட்டை தைக்கும் கடை. பெயர் பட்டு தையலகம். கேள்விக்குறி பாதித் தாளைத் தாண்டி, "இந்தப் பேரு ஏன்மா" என்று ஆரம்பித்தார்.

நான் குறுக்கே விழுந்தேன். "பட்டுன்னா பட்டு. இதுல என்னண்ணே கேக்க இருக்கு? அடுத்த ஆளைப் பாருங்க."

அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கேள்விக்குறி தாளை மடித்தார். பதினோரு வருடத்தில் அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பட்டு என்பதால் பட்டுப்பூச்சிக் கூடு ஒன்றை வரைந்தார். வெள்ளை, நீள்வட்டம், நூல் சுற்றிச் சுற்றி. அழகாகத்தான் இருந்தது. அந்தம்மா அதை வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு சார்" என்றார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பை நிறையத் துணி லேபிள்களோடு வந்தார். சட்டைக் கழுத்துக்குள் வைத்துத் தைத்தவற்றையெல்லாம் பிரித்து எடுத்திருந்தார். சிலவற்றில் நூல் இன்னும் தொங்கியது.

"இந்தப் படத்தை எடுத்துட்டு வெறும் பேர் மட்டும் போட்டுத் தர முடியுமா சார்?"

கேள்விக்குறி அவரை உட்காரச் சொல்லி, மடித்த தாளைத் தேடி எடுத்தார். விட்ட இடத்திலிருந்து கேட்டார். "இந்தப் பேரு ஏன்மா?"

"என் பொண்ணு. வீட்ல கூப்பிடுற பேரு பட்டு. கடை வெச்சா என் பேர்தான் வைக்கணும்னு சொல்லிட்டே இருப்பா. எட்டு வயசு. காய்ச்சல்ல போயிட்டா."

மிஷினை நிறுத்தினேன்.

"கடைசியா அவளை வெள்ளைத் துணில சுத்தித்தான் குடுத்தாங்க. இந்தப் படமும் அப்படியே இருக்கு சார். ஒவ்வொரு சட்டையிலயும் வெச்சுத் தைக்கிறப்ப கை ஓடல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் கேள்விக்குறி.

"படிச்சவங்க, தெரிஞ்சுதான் வரைஞ்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

கேள்விக்குறி என் பக்கம் திரும்பவில்லை. நான் தலை குனிந்து லேபிள் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ எழுத்து ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

மறுநாள் ஒரு பள்ளி நோட்டு வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் பட்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டுப் பிறகு ஞாபகம் வந்து வைத்திருக்கிறாள். கோலிக்குண்டு அளவுக்குப் பெரிய புள்ளி, கொஞ்சம் தள்ளி. கேள்விக்குறி அதை அப்படியே எடுத்தார். கழுத்து லேபிளில் நெசவாகும்போது அறுந்துபோகாதபடி கோட்டை மட்டும் தடிமனாக்கினார். நகத்தளவுக்குச் சுருக்கி அச்செடுத்துப் பார்த்தார். புள்ளி தெளிவாக நின்றது.

அந்தம்மா அந்தத் துண்டுத் தாளைக் கையில் வாங்கினார். கேள்விக்குறி பேனாவோடு கடைசிக் கேள்விக்கு வந்திருந்தார்.

"சரியாம்மா? யாரு ஓகே சொல்லணும், நீங்கதானே?"

"அவதான் சொல்லணும்" என்றார் அந்தம்மா.

கேள்விக்குறி பேனாவை மூடிவிட்டார். மடித்த அந்தக் கேள்விகளின் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, கடைசி வரி எழுதாமல்.