ஹெட் சிஸ்டரிடம் நான் கேட்ட கேள்விகள்

நர்ஸ் படிப்பு முடித்து நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை விட்டு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் தொடக்கம் அது. ஏன் விட்டாய் என்று வீட்டில் கேட்டதற்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். உண்மை வேறு. என் வார்டை நடத்திய ஹெட் சிஸ்டருக்கு யாராவது தவறு செய்தால் எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்துப் பேசுவது வழக்கம். நோயாளிகள், அவர்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அங்கே யாரும் தவறு செய்ததாகச் சொல்லவே மாட்டார்கள். ஒரு நாள் காலை என்னோடு டூட்டியில் இருந்த பெண் பென்சிலின் ஊசியைக் கட்டில் மாற்றிப் போட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தது. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஊசி வாங்கிய அம்மாளுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் முடிவு செய்தார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. மூன்று மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

காரியாபட்டியில் அப்பா வாத்தியார். வீட்டில் நான்கு வாரம் சும்மா இருந்தேன். அடுத்த வேலைக்குப் போகும்போது கட்டடம் எப்படி, தங்க இடம் உண்டா என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், யார் கீழே வேலை பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அதை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. வேலை கேட்டுப் போகிறவள் கேள்வி கேட்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. அவர்கள் கேட்பார்கள், நாம் சர்டிபிகேட்டை நீட்டுவோம். அவ்வளவுதான்.

முதலில் விருதுநகரில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரி. டாக்டர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார், அப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். "இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிம்மா" என்றார். அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஹெட் சிஸ்டர் நின்றிருந்தார். அவருக்கு நாற்காலி இல்லை.

நான் அந்த அம்மாளைப் பார்த்து, டூட்டி எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். டாக்டர் பதில் சொன்னார். மாதத்துக்கு எத்தனை பிரசவம் வரும் என்று அந்த அம்மாளிடமே கேட்டேன். அதற்கும் டாக்டர்தான் சொன்னார். மூன்றாவதாக, எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார் என்றேன். ஹெட் சிஸ்டர் வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்" என்று டாக்டர் முந்திக்கொண்டார். ஹெட் சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கோபமாக ஒரு சொல் அங்கே யாரும் பேசவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டது என் கண்ணிலேயே நின்றது. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஆயாவிடம், போன சிஸ்டருக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை என்று சும்மா கேட்டுவைத்தேன். ஆயா நிமிர்ந்து பார்த்தார். "மாப்பிள்ளையா? அவுகளுக்கு ரெண்டு பிள்ளைக இருக்கே" என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த சீட்டு என் பையில் இருந்தது. நான் சேரவில்லை. தங்குவதற்குத் தனி அறை தருவதாகச் சொன்ன இடத்தை விட்டேன் என்று அம்மா பல நாள் பேசவில்லை.

சிவகாசியில் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஆள் தேவை என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். சிறிய இடம். வெம்பக்கோட்டை, விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்து தீக்காயத்தோடு வருகிறவர்களுக்கென்று ஒரு வார்டு வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. பெரிய டாக்டர் என் சர்டிபிகேட்டை ஐந்து நிமிடம் பார்த்தார். "உங்களை எடுக்கிறதா வேண்டாமான்னு சொல்ல வேண்டியது ஹெட் சிஸ்டர். அவுக கூடப் பேசுங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஹெட் சிஸ்டரோ வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இளம் நர்ஸ் ஒருத்தி வந்தாள். "கட்டு மாத்துறாக. ஒரு மணி நேரம் ஆகும். இருக்க முடியாட்டி நாளைக்கு வரச் சொன்னாக" என்றாள். இருக்கிறேன் என்றேன். காத்திருக்க வைக்கிறார்களே என்று முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போவதற்கும் வழி விட்டிருக்கிறார். தீக்காயக் கட்டைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஓடி வந்திருந்தால்தான் நான் யோசித்திருக்க வேண்டும்.

வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளே கேட்ட குரல்களைக் கவனித்தேன். ஒரு கரகரத்த குரல் அடிக்கடி உயர்ந்தது. துணியை இன்னும் நனை, காய்ந்த துணியை இழுக்காதே என்று. அதட்டல்தான். ஆனால் அந்தக் குரல் ஓய்ந்த இடங்களில் மற்ற பெண்களின் குரலும் கேட்டது. ஒருத்தி ஏதோ கேட்டாள். இன்னொருத்தி சிரித்தாள். என் பழைய வார்டில் ஹெட் சிஸ்டர் நிற்கும் இடத்தில் யாரும் வாய் திறந்ததே இல்லை.

பதினொன்றே காலுக்கு அவர் வந்தார். கறுத்து மெலிந்த அம்மாள். கை முழுவதும் மருந்தின் ஊதாக் கறை. பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தீக்காயம் பார்த்திருக்கிறீர்களா, நாற்றம் தாங்குவீர்களா, சீசனில் இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்க வேண்டியிருக்கும், முடியுமா என்று வரிசையாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். பிறகு, நானும் சில விஷயம் கேட்கலாமா என்றேன். அவர் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "கேளுங்க" என்றார்.

உங்கள் வார்டில் தவறு நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்ல பதில்தான் சொல்வார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அதனால் மாற்றிக் கேட்டேன்.

"கடைசியா உங்க வார்டுல என்ன தப்பு நடந்துச்சு, சிஸ்டர்? அதுக்கு என்ன செஞ்சீக?"

அவர் கையிலிருந்த கறையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "போன மாசம்" என்று தொடங்கினார். தீக்காயத்தோடு வந்தவருக்கு அந்தக் காலத்து டெட்டனஸ் ஊசி போடும் முன், ஒத்துக்கொள்கிறதா என்று தோலுக்கடியில் கொஞ்சம் போட்டு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். கூட்டத்தில் ஒருத்தி அதை விட்டுவிட்டு முழு ஊசியையும் போட்டுவிட்டாள். பிறகு அவளே ஓடிவந்து சொன்னாள். ராத்திரி வரை அந்த ஆள் பக்கத்திலேயே ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"அவளை நல்லா திட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கோபம் வரும். மறுநாள் உட்கார்ந்து யோசிச்சோம். இப்ப டெஸ்ட் போட்ட நேரத்தை அவுக கை மணிக்கட்டுல பிளாஸ்திரி ஒட்டி எழுதுறோம். பிளாஸ்திரி இல்லாத கைக்கு ஊசி கிடையாது."

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பாராதது நடந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "இந்தக் கேள்வியை ஏன் கேக்கிறீக?" என்றார்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொய் அவரிடம் வரவில்லை. பென்சிலின் ஊசி விஷயத்தைச் சொன்னேன். முதன்முதலாக ஒருவரிடம் சொல்கிறேன் என்பது பாதி சொல்லும்போதுதான் தெரிந்தது.

"எம்புட்டு நாள் கழிச்சு டாக்டர்ட்ட சொன்னீக?"

"சொல்லவே இல்ல, சிஸ்டர்."

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த அம்மாளுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு அவுகளுக்கே தெரியாதுல்ல. இன்னொரு நாள் வேற யாராவது போடுவாக" என்றார். அத்தனை மாதம் நான் என்னைப் பற்றியே வருந்திக்கொண்டிருந்தேனே தவிர இதை நினைத்துப் பார்க்கவில்லை. அன்று மாலையே பழைய ஆஸ்பத்திரி டாக்டருக்கு, அந்த அம்மாளின் பெயரும் ஊரும் குறித்து, கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

கிளம்பும் முன், வார்டில் இருக்கும் பெண்களோடு தனியாகப் பேசலாமா என்று கேட்டேன். "பேசுங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முன்பு தகவல் கொண்டுவந்த இளம் நர்ஸிடம், போன மாதம் ஏதோ ஊசி விஷயம் என்றார்களே என்று பேச்சை ஆரம்பித்தேன். அவள் முகம் சிவந்தது. "நான்தான் அது" என்றாள். ஹெட் சிஸ்டர் சொன்னதையே அவளும் சொன்னாள். ஒன்று மட்டும் கூடுதலாக. "திட்டு தாங்க முடியாது. ஆனா பெரிய டாக்டர் யாருன்னு கேட்டப்ப என் பேரைச் சொல்லல. என் வார்டு, என் தப்புன்னு சொன்னாக."

அடுத்த திங்கட்கிழமை சேர்ந்தேன்.

ஏழு வருஷம் அவர் கீழே வேலை பார்த்தேன். நான் கணித்ததில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. கோபத்தை மட்டும் குறைத்து எடைபோட்டுவிட்டேன். வெயில் காலத்தில் அது நாளுக்கு நான்கு முறை வரும். ஆனால் நாங்கள் எதையும் மறைத்ததில்லை. நானே இரண்டு முறை தவறு செய்து, அந்த நிமிடமே போய்ச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. லீவு பற்றியது. சேர்ந்த இரண்டாவது வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ராணுவத்தில். அவருக்கு லீவு கிடைத்தது தீபாவளிக்கு முந்தின வாரம். எங்கள் வார்டு நிரம்பி வழியும் வாரம் அது. ஐந்து நாள் கேட்டேன். ஒரு நாள் என்றார். அழுதேன், சண்டையும் போட்டேன். கூடப்பிறந்தவளுக்குச் சேலை கட்டிவிடக்கூட உரிமை இல்லையா என்று கேட்டேன். "கட்டில் எல்லாம் நிறைஞ்சு கிடக்கு. நானே மூணு வாரமா வீட்டுக்குப் போகல" என்றார்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, விருதுநகரில் பஸ் மாறி, காரியாபட்டி சர்ச்சுக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. தங்கை என்னைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்தியில் உட்காராமல், அம்மா இலையில் கட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு மத்தியான பஸ் பிடித்தேன். வார்டுக்குள் பட்டுச் சேலையோடு வந்து நின்ற என்னை ஹெட் சிஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்து, ஏழாம் கட்டிலில் இருந்தவருக்குக் கட்டை நனைக்க ஆரம்பித்தேன். ஹெட் சிஸ்டர் எதிர்ப்பக்கம் வந்து நின்று, அந்த ஆளின் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கட்டை அவிழ்த்து முடித்தோம்.