நாக்கு சாட்சி சொல்லாது

ஊசி போடும் முன் கையில் பஞ்சால் தடவுகிறார்களே, அந்த ஸ்பிரிட்டின் வாசனை. எந்த ஆஸ்பத்திரியில் அது மூக்கில் ஏறினாலும் நான் நோயாளி இல்லை. புனேயில், தொண்ணூறுகளின் கடைசியில், பத்தாம் வகுப்பு வாசலில் நிற்கிற கணக்கு டீச்சர். உள்ளே பிள்ளைகள் வரிசையாக ஒரு கைக்கண்ணாடியின் முன் நாக்கை நீட்டுகிறார்கள். ஒவ்வொருவரும் பார்த்து முடித்ததும் கண்ணாடியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து அடுத்தவரிடம் தருகிறாள் உயிரியல் டீச்சர். ஜன்னலுக்கு வெளியே மழை, தகரக் கூரை, சைக்கிள் ஸ்டாண்ட். உள்ளே சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு.

அவள் என் வயதுக்காரி. தமிழ் வீட்டில் பிறந்து புனேயிலேயே வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி ஹிந்தி, கோபம் வந்தால் மராட்டி. அந்தப் பள்ளி டீச்சர்களில் எங்கள் இருவருக்கும்தான் தமிழ். அதனால் டீ நேரம் எங்களுடையது.

பரம்பரைக் குணங்கள் பற்றிய சர்வே அது. நாக்கின் ஓரங்கள் குழாய் போல மடங்குமா, காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா, கன்னத்தில் குழி விழுமா, விரல்களைக் கோத்தால் எந்தக் கட்டைவிரல் மேலே. தாளில் பெயர் கிடையாது. ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களோடு மூன்றாவதாக 'சொல்ல முடியவில்லை' என்று ஒன்று வைத்திருந்தாள்.

"மூணாவது எதுக்கு? கணக்கு கெட்டுப்போகும்" என்றேன்.

"அரே, பாதி ஒட்டின காதை எதுல போடுவே? பிடிச்சு இழுத்து ஒரு பக்கம் தள்ளுவியா?"

எண்ணித் தரும் வேலை எனக்கு. எண்ணியபோது மடங்குகிற நாக்குகள் ஏறக்குறைய முக்கால் பங்கு வந்தன. எனக்குப் புல்லரித்தது. பரம்பரைப் பாடத்தில், புத்தகத்தில் இருக்கிற அதே மூன்றுக்கு ஒன்று! கரும்பலகையில் எழுதப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நஹி. மூணுக்கு ஒண்ணுங்கறது ஒரு குறிப்பிட்ட ஜோடிக்குப் பிறக்கிற பிள்ளைகளோட கணக்கு. இந்தக் கிளாஸ் என்ன, ஒரே அப்பா அம்மா பெத்ததா? நம்பர் தற்செயலா வந்து நிக்குது. நின்னுட்டுப் போகட்டும்."

பிள்ளைகளிடம் கடைசியாக ஒன்று சொன்னாள்: இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. தாளைச் சேர்த்து வாங்கிக்கொண்டாள். தாளை வாங்கலாம், நாக்கை வாங்க முடியுமா?

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். காக்கி உடுப்பிலேயே வந்திருந்த அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். முந்தானையை இழுத்துப் போர்த்திய அம்மா. நடுவில் பத்தாம் வகுப்புப் பெண். ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. தமிழ் தெரிந்தவள் என்று என்னைத் தேடித்தான் வந்தார்கள். நான் லேபுக்கு, உயிரியல் டீச்சரிடம் அழைத்துப் போனேன்.

அம்மாதான் ஆரம்பித்தாள். "வூட்ல எல்லார் நாக்கையும் நீட்டச் சொல்லிச்சு டீச்சர். இதுக்கு மடங்குது. எனக்கும் வரல, இவருக்கும் வரல. கைடுல பாத்துட்டு, ரெண்டு பேருக்கும் வரலன்னா புள்ளைக்கு வரவே வராதாம்னு சொல்லிச்சு. பக்கத்துல இவுங்க அண்ணன் உக்காந்திருந்தாரு. சோத்துத் தட்டை வெச்சிக்கினு சிரிக்கிறாரு. 'அப்ப இது யார் வூட்டுப் புள்ளடா'ன்னு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேடிக்கைக்குச் சொன்னதாம். வேடிக்கை குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் போய், தண்ணீர்க் குழாயடியில் வேறு ஒன்றாக மாறிவிட்டது.

அப்போது அப்பா முன்னால் வந்தார். "டீச்சர், ஒரு நிமிசம். ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நிக்கிறேன். பாருங்க."

நாக்கை நீட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. மெல்ல, மிக மெல்ல, ஓரங்கள் இரண்டும் மேலேறி வளைந்தன. குழாய் என்று சொல்ல முடியாது, ஓடம் என்று சொல்லலாம். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, "வருதில்ல?" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எனக்குக் கை தட்டத் தோன்றியது. முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

உயிரியல் டீச்சர் போகவிடவில்லை.

"வருது சார். ஆனா இதை வெச்சு இவ உங்க பொண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன், தட்டிவிட்டாள்.

"உங்களுக்கு வரலேன்னாலும், இவ உங்க பொண்ணு இல்லேன்னு சொல்லியிருக்க மாட்டேன். போன வாரம் நாக்கு பொய் சாட்சின்னா இந்த வாரமும் பொய் சாட்சிதான். நமக்குச் சாதகமா சொல்லுதுன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு வேற யார் வீட்லயோ ஒரு அப்பாவுக்கு எத்தனை நாள் நின்னாலும் மடங்காது. அவர் என்ன பண்ணுவார்?"

பெண் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "கைடுல போட்டிருக்கே மிஸ்?"

"கைடுல சுருக்கிப் போட்டிருக்கு. வா."

எல்லோரும் வெளியே வந்தோம். மைதானத்தில் என்.சி.சி. பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு இரட்டையர் இருவரைக் கூப்பிட்டாள். வகுப்பாசிரியரே தினமும் குழம்புகிற முகங்கள். "நீட்டுங்கடா." ஒருவனுக்கு அழகாகக் குழாய் வந்தது. மற்றவன் எவ்வளவு முயன்றும் பலகை போலத்தான்.

"இவன் சோம்பேறி மிஸ்" என்றான் முதலாமவன்.

"நீதாண்டா பாம்பு" என்றான் மற்றவன்.

அவர்களை அனுப்பிவிட்டுச் சொன்னாள்: "ஒரே கருவிலேருந்து பிரிஞ்சவங்கன்னு டாக்டர் சொன்னதா இவங்கம்மா சொன்னாங்க. நான் சோதிச்சுப் பாக்கல, அதையும் சொல்லிடறேன். ஆனா இப்படி அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கற இரட்டையர்கள்லயே ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராதுன்னு நிறையப் பேர் பாத்திருக்காங்க. ஒரே ஒரு ஜீன் சுவிட்ச் மாதிரி போட்டு அணைக்கிற விஷயமா இருந்தா அது எப்படி? பரம்பரைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம், பழக்கத்துக்கும் இருக்கலாம். உங்கப்பா ஒரு வாரத்துல வரவெச்சுட்டாரே!" பிறகு குரல் இறங்கியது. "வீட்ல செய்யாதீங்கன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல. அது என் தப்பு. திங்கக்கிழமை கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்றேன், உன் பேர் வராம."

பெண் மைதானத்து இரட்டையரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அப்பா நாக்கை எந்தக் கட்டத்துல போடுவீங்க மிஸ்?"

"மூணாவதுல."

அவள் சிரித்துவிட்டாள். அப்பாவுக்குப் புரியவில்லை, ஆனால் அவரும் சிரித்தார்.

நாக்கு சாட்சி சொல்லிவிட்டது என்ற அந்தப் பொய் எவ்வளவு இனிப்பாக இருந்தது அன்று. நானாக இருந்தால் வாரிக் கொடுத்திருப்பேன். அழுகிற ஒரு தாயின் முன் நின்று, கைக்கு வந்த சந்தோஷத்தைக்கூடத் தராசில் வைத்துப் பார்க்க எவ்வளவு பிரியம் வேண்டும் என்று இத்தனை வருஷம் கழித்தும் வியக்கிறேன்.

கேட் வரை போனோம். தரையில் மழை ஈரம். ஸ்கூட்டரைச் சாய்த்து, உதைத்துப் பார்த்துவிட்டு அப்பா திரும்பினார். "எல்லாம் சரி டீச்சர். எங்கண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

உயிரியல் டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பெண் பின்சீட்டில் அம்மாவுக்கு இடம் விட்டு, முன்னால் தொற்றிக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வண்டிய எடுப்பா."