எண்ணி முடித்த பிறகுதான் கொசுறு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது. புளியங்குடிச் சந்தையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு எலுமிச்சைக் கூடையைத் தலையில் சுமந்து வந்தவன். கூடை வண்டியாயிற்று, வண்டி கமிஷன் கடையாயிற்று. கடை காலூன்றின பிறகு இந்த ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடம் கட்டினேன். முதலில் ஓலைக் கொட்டகை. ஆடிக் காற்று அதை இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் தடவை ஓடு போட்டேன். பாறையில் வெடி வைத்துக் கிணறு தோண்டினேன். தண்ணீர் வராது என்று பந்தயம் கட்டினவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். எட்டு வகுப்பறை, கண்ணாடிக் குடுவை வைக்க ஒரு அலமாரி அறை, பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஓய்வறை. ஐந்தாம் பாரத்தில், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பில், பெண்பிள்ளைகள் மூன்றே பேர் இருந்தபோதே அதைக் கட்டினேன். சிரித்தார்கள். கட்டினேன்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சுவரில் கல்லில் வெட்டியிருக்கிறது. கல்லில் வெட்டாத ஒரு காரியம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். சித்திரை வெயில். ஆண்டுப் பரீட்சை முடிந்து, தேர்ச்சிப் பட்டியல் பலகையில் ஒட்டுவதற்கு இரண்டு நாள் இருந்தது. நெசவாளி ஒருவர் கடைக்கு வந்து, உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மூன்று பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பனார்.

“என்ன வே, கடை தூணு விழுந்துரும்னா தாங்கிட்டு நிக்கீரு?” என்றேன்.

“அண்ணாச்சி, பிள்ள கணக்குல போயிட்டாள்னு பேசிக்கிடுதாங்க. முப்பத்தொண்ணாம்.”

“யாரு சொன்னா?”

“அவளே சொல்லுதா. எழுதிட்டு வந்த அன்னைக்கே சொன்னா, நாலு மார்க்கு கொறையும்னு. கணக்குல தப்பு விட்டவ, இதுல மட்டும் தப்பாம சொல்லுதா.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக வந்தது விஷயம். வீட்டில் பெரியவர்கள் ஒரு வருஷமாகவே தறிக்கு நூல் சுற்ற ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆறாம் பாரத்துக்குத் தேறினால் போகட்டும். அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டுமென்றால் நிறுத்திவிடுவது என்று பேச்சு. இவர் ஒருவர்தான் பிள்ளை பக்கம்.

“நீரு போம் வே,” என்றேன். “நான் கெட்டுன பள்ளிக்கூடம். நாலு மார்க்குக்கா ஒரு பிள்ள வீட்டுல இருக்கும்? கொசுறு போட்டா முடிஞ்சுது.”

நூறு எலுமிச்சைக்கு ஐந்து கொசுறு போடுகிற வியாபாரி நான். நூற்றுக்கு நாலு எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் அறையில் தேர்ச்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். குரல் உயராது, ஆனால் இறங்கவும் இறங்காது. கூட்டத்தில் மேனேஜருக்கு, அதாவது பள்ளிக்கூடத்தை நடத்துகிற எனக்கு, வேலை கிடையாது. மார்க்கும் தேர்ச்சியும் ஆசிரியர்கள் பாடு. ஆனால் அங்கே கிடந்த நாற்காலி நான் வாங்கிப் போட்டது, அதனால் போய் உட்கார்ந்தேன்.

“சார், அந்த நெசவுகாரர் மக,” என்றேன். “கணக்குல நாலு கொறையுதாம். சேத்துப் போட்டுருங்க.”

அவர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பக்கத்தில் கிரேஸ் மார்க் விதி இருந்தது. வருஷ ஆரம்பத்திலேயே பலகையில் ஒட்டிய அதே தாள். அதை ஒட்டின பசைகூட என் கடையிலிருந்து போனதுதான். ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. ஒரே ஒரு பாடத்தில் மட்டும் ஐந்து மார்க்குக்குள் குறைந்தால், குறைகிற அளவுக்குக் கிரேஸ் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்பே ஐந்து பாடத்தின் கூட்டுத்தொகை இருநூறு இருக்க வேண்டும். வருகையும் சரியாக இருக்க வேண்டும்.

அவளுக்கு வருகை சரி. மற்ற நாலு பாடமும் தேர்ச்சி. தமிழ் ஐம்பத்திரண்டு, ஆங்கிலம் முப்பத்தெட்டு, கணக்கு முப்பத்தொன்று, விஞ்ஞானம் முப்பத்தேழு, சமூக பாடம் நாற்பது. நான் மனசுக்குள் கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

“நாலு கிரேஸ் போட்டா இருநூத்திரெண்டு ஆயிருதே சார்,” என்றேன். “பெறவு என்ன?”

கணக்கு வாத்தியார் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தலைமையாசிரியர் சிரிக்காமல் கேட்டார்:

“அண்ணாச்சி, நூறு காய்க்கு அஞ்சு கொசுறு போடுதீங்க. எப்பம் போடுதீங்க?”

“நூறு எண்ணி முடிச்சப்பெறவு.”

“தொண்ணூத்தெட்டுதான் இருக்கு. கொசுறு அஞ்சையும் சேத்து எண்ணி, நூத்திமூணு இருக்குன்னு சொல்லி வித்தா, வாங்குதவன் என்ன சொல்லுவான்?”

என்ன சொல்லுவான் என்று சங்கரன்கோவிலில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

“அதுவுமில்லாம,” என்று அவர் இன்னொரு வரியில் விரலை வைத்தார். “இந்தப் பையனுக்கும் அதே கதைதான். கணக்குல முப்பது, மத்ததுல பாஸ். மொத்தம் நூத்தித் தொண்ணூத்தேழு. கிரேஸ சேத்துக் கூட்டலாம்னா அஞ்சு சேத்து இவனும் இருநூத்திரெண்டு. அவளுக்குச் செஞ்சா இவனுக்கும் செய்யணும். இவனுக்குச் செஞ்சா, நாலாம் பாரத்துல இதே மாதிரி நிக்க வச்ச ரெண்டு பேருக்கும் செய்யணும். அப்பம் அந்த விதிய கிழிச்சுப் போட்டுர வேண்டியதுதான்.”

அந்தப் பையன் என் உடன்பிறந்த தங்கை மகன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே வெட்டில் இரண்டு காய் விழுகிறதே என்று. ‘அப்பம் ரெண்டு பேருக்கும் போட்டுருங்க’ என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. தலைமையாசிரியர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரை யோசித்திருக்கிறேன். விதியின் மேல் மரியாதை என்று சொன்னால் பொய். அந்த நூற்றிமூன்று கணக்கு என்னைக் குத்திவிட்டது. வியாபாரத்தில் செய்ய வெட்கப்படுகிறதை, நானே கட்டின பள்ளிக்கூடத்தில் செய்யச் சொல்கிறேனே என்று இருந்தது.

ஆனால் நெசவாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தூணைப் பிடித்த அந்தக் கை கண்ணிலேயே நின்றது.

“எண்ணுனது சரியா எண்ணிருக்கா சார்?” என்று கேட்டேன்.

“அது நியாயமான கேள்வி,” என்றார் தலைமையாசிரியர். “கிரேஸ் பத்திப் பேசுததுக்கு முன்னால மறுகூட்டல் செய்யணும். எல்லைக்கோட்டுல நிக்குத எல்லாருக்கும் நாளைக்குச் செய்யுததா இருந்தோம்.”

“இப்பமே செய்வோம். நான் எண்ணுதேன்.”

சமூக பாட வாத்தியார், “மேனேஜருக்கு விடைத்தாள் படிக்க வருமா?” என்றார். கிண்டல்தான். ஆனால் பொய்யில்லை.

“படிக்க வராது வே. எண்ண வரும். ஒம்ம வயசுக்கு மேல எண்ணிருக்கேன்.”

“எண்ணலாம்,” என்றார் தலைமையாசிரியர். “ஆனா ஒரு எழுத்து போடக் கூடாது. திருத்தம் இருந்தா, திருத்துன வாத்தியாருதான் போட்டுக் கையெழுத்து வைக்கணும்.”

சரி என்றேன். விடைத்தாள் கட்டு வந்தது. எண்ணுவதற்கு என் வழி ஒன்றுதான்: ஐந்தைந்தாக. கடையில் ஐந்து காய் விழுந்தால் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்குவேன். அங்கே சாக்பீஸை உடைத்து, ஐந்து மார்க்குக்கு ஒரு துண்டாக மேஜையில் வைத்தேன். மார்க்கைக் கூட்டிப் போடுகிற முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே ஓரத்தில் சிவப்பு மையில் இருக்கிற எண்களைத்தான் பார்த்தேன். கணக்கு: ஆறு துண்டு, மேலே ஒன்று. முப்பத்தொன்று, சரி. தமிழ், ஆங்கிலம், விஞ்ஞானம் எல்லாம் சரி.

கடைசியாகச் சமூக பாடம். எட்டுத் துண்டு வைத்தேன். மேலே மூன்று நின்றது.

“நாப்பத்திமூணு,” என்றேன்.

“நாப்பது,” என்றார் சமூக பாட வாத்தியார். “கொசுறு சேத்து எண்ணிட்டீங்களா மேனேஜர்?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பவும் எண்ணினேன். திரும்பவும் எட்டும் மூன்றும். மூன்றாம் தடவை அவர் முன்பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக என்னோடு சரிபார்த்தார். எல்லாம் ஒத்து வந்தது, கடைசித் தாள் வரை. கடைசியில் நூலால் கட்டியிருந்தது இந்திய வரைபடம். நதிகளையும் துறைமுகங்களையும் குறிக்கச் சொன்ன கேள்வி. அந்தத் தாளின் மூலையில், அவருடைய சொந்த எழுத்தில், ஒரு மூன்று. முன்பக்கத்துக்கு அது வரவே இல்லை.

படித்தவர்கள் விடைத்தாளை விடைத்தாளாகப் பார்த்தார்கள். வரைபடம் அவர்களுக்குத் தனித்தாள், பின்னால் கட்டின ஒன்று. எனக்கு எல்லாம் ஒரே கூடை. கூடையின் அடியில் கிடக்கிற காயும் காய்தான்.

சமூக பாட வாத்தியாரின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனிதர், நாற்பதை அடித்து நாற்பத்திமூன்று போட்டுக் கையெழுத்து வைத்தார். மொத்தம் இருநூற்றொன்று. தலைமையாசிரியர் பதிவேட்டில் கணக்குக்கு நேரே முப்பத்தொன்றை அப்படியே விட்டு, பக்கத்தில் கிரேஸ் நாலு என்று எழுதினார். “மார்க்க மாத்தக் கூடாது அண்ணாச்சி. அவ எடுத்தது முப்பத்தொண்ணு, நாம கொடுத்தது நாலு. ரெண்டும் தனித்தனியா தெரியணும். ரேங்குக்கு இந்த நாலு சேராது.” மற்ற ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு அந்த வகுப்பின் சமூக பாடத் தாள் மொத்தத்தையும் எண்ணச் சொன்னார். இன்னும் இரண்டு பேருக்கு வரைபட மார்க் விட்டுப்போயிருந்தது. அவர்கள் ஏற்கெனவே தேறினவர்கள். என் தங்கை மகனின் ஐந்து தாள்களையும் நானே எண்ணினேன். மற்றவர்களுடையதைவிட மெதுவாக எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவனுடைய வரைபடத்தில் ஒரு மார்க். அது முன்பக்கத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தது. நூற்றுத் தொண்ணூற்றேழு நூற்றுத் தொண்ணூற்றேழாகவே நின்றது.

“இன்னொரு தடவ எண்ணுதீங்களா?” என்று தலைமையாசிரியர் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

“வேண்டாம் சார். சரியாத்தான் இருக்கு.”

தங்கை ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. “ஊரான் பிள்ளைக்கு எண்ணத் தெரிஞ்சுது, ஒடம்பொறந்தவ பிள்ளைக்கு விரல் மடங்கிட்டு,” என்று பட்டியல் ஒட்டின அன்றைக்குச் சொன்னாள். விதியைச் சொன்னேன். “ஒன் விதிய ஒன் பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஒட்டிக்கோ,” என்றதுதான் கடைசிப் பேச்சு. ஒட்டித்தான் இருந்தது. அவன் அடுத்த வருஷம் தேறினான். அதைத் தங்கை என் கணக்கில் வரவு வைக்கவில்லை.

நெசவாளியின் மகள் ஆறாம் பாரம் போனாள், பள்ளியிறுதி தேறினாள், ஆசிரியைப் பயிற்சிக்குப் போனாள். இப்போது ராயகிரிப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கே சொல்லிக் கொடுக்கிறாளாம். முப்பத்தொன்று வாங்கினவள். பட்டியல் ஒட்டின அன்று அவள் தகப்பனார் கடைக்கு வந்து, “கொசுறு போட்டதுக்குக் கும்புடுதேன் அண்ணாச்சி,” என்றார். கொசுறு நாலுதான் வே, மிச்சம் மூணு ஒம்ம மக எடுத்தது என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அதைச் சொன்னபோது எனக்கு இருந்த நிறைவு கிணற்றில் தண்ணீர் கண்ட அன்றைக்கும் இருந்ததில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து விடைத்தாளின் முன்பக்கத்தில் வரைபடத்துக்கு என்று தனியாக ஒரு கட்டம் போட்டார்கள். இன்றைக்கும் இருக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு மலரில் அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வரி வந்திருக்கிறது: ‘ஆசிரியர் குழுவின் முயற்சியால்’ என்று. பதிவேட்டிலும் ‘மறுகூட்டலில் மூன்று’ என்றுதான் இருக்கிறது, எண்ணினது யார் என்று இல்லை. தலைமையாசிரியரைக் குறை சொல்லவில்லை. மேனேஜர் எண்ணினார் என்று எழுதினால் அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள் என்று விட்டிருப்பார். அந்தக் காலத்துக்கு அது சரி.

இப்போது கேட்க யாருமில்லை. கிணற்றையும் ஓட்டுக் கூரையையும் கல்லில் வெட்டினது போதும். அவற்றைப் பணம் உள்ள எவனும் செய்திருப்பான். மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்துங்கள். அந்த மூன்று மார்க்கைக் கண்டுபிடித்தது மூன்றாம் வகுப்பு படித்த மேனேஜர் என்று போடுங்கள். சாக்பீஸ் துண்டு வைத்து எண்ணினார் என்றும் போடுங்கள்.